மருத்துவர்களுக்கு மருந்து நிறுவனங்களின் பரிசு: வாங்கினால் பதிவு நீக்கம், கொடுத்தால் கண்டனம்?

புதுதில்லி: மருந்து நிறுவனத்தின் செலவில் மருத்துவர்கள் 30 பேர் பாரிஸ், மொனாக்கோ நகரங்களுக்குச் சென்று வந்த விவகாரத்தில், ஆப்வி ஹெல்த்கேர் இந்தியா நிறுவனத்துக்கு மத்திய அரசின் மருந்துகள் துறை 2024 டிசம்பரில் கண்டனம் தெரிவித்தது. அழகியல் மற்றும் முதுமை தடுப்பு மருத்துவ மாநாடுகளில் பங்கேற்பதற்காக என்று கூறப்பட்ட இந்தப் பயணங்களுக்கு, விமானக் கட்டணம், தங்கும் விடுதி உள்ளிட்ட வகைகளில் செலவான தொகை சுமார் 1.91 கோடி ரூபாய். சராசரியாகக் கணக்கிட்டால் ஒரு மருத்துவருக்கு ஆறு லட்சம் ரூபாய்க்கும் அதிகம்.

மருந்து விற்பனைக்கான ஒருமித்த நடத்தை நெறிமுறையை அந்நிறுவனம் மீறியதாகத் தீர்மானித்த துறை, மேலும் இரண்டு நடவடிக்கைகளை எடுத்தது. நிறுவனம் மற்றும் மருத்துவர்களின் வரிப் பொறுப்பை ஆராயுமாறு மத்திய நேரடி வரிகள் வாரியத்தைக் கேட்டுக்கொண்டது. மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு தேசிய மருத்துவ ஆணையத்துக்குப் பரிந்துரைத்தது. ஒரே செயலுக்காக மூன்று அமைப்புகளின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்விக்கான விடையில்தான், இந்தியாவில் மருந்து நிறுவனப் பரிசுகளுக்கான கட்டுப்பாட்டின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன.

நெறிமுறை எதைத் தடுக்கிறது?

மருந்துகள் துறை 2024 மார்ச் 12 அன்று வெளியிட்ட நெறிமுறை, 2015 முதல் நடைமுறையில் இருந்த நெறிமுறைக்குப் பதிலாக வந்தது. மருந்தைப் பரிந்துரைக்கவோ வழங்கவோ தகுதி பெற்ற எவருக்கும் பரிசு, பண ஆதாயம், பொருள் வடிவிலான சலுகை ஆகியவற்றை அளிக்கக் கூடாது என்கிறது இது. மருத்துவரின் குடும்பத்தினருக்கும் இத்தடை பொருந்தும். நிறுவனம் நேரடியாகக் கொடுத்தாலும், விநியோகஸ்தர் வழியாகக் கொடுத்தாலும் குற்றம் ஒன்றே.

அனுமதிக்கப்பட்டவை மிகச் சில. புத்தகம், நாள்காட்டி, நாட்குறிப்பு, மருத்துவக் கருவியின் மாதிரி வடிவம் போன்ற, தகவல் தரும் பொருள்களைக் கொடுக்கலாம். ஒவ்வொன்றின் மதிப்பும் 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இலவச மருந்து மாதிரிகளைப் பரிந்துரைக்கும் தகுதியுள்ளவருக்கு மட்டுமே தரலாம். ஒரு மாதிரிப் பொட்டலத்தில் மூன்று நோயாளிகளின் சிகிச்சைக்குத் தேவையானதைவிட அதிக மருந்து இருக்கக் கூடாது. ஒரு மருந்தில் ஆண்டுக்கு 12 பொட்டலங்களுக்கு மேல் ஒரு மருத்துவருக்கு வழங்கக் கூடாது. மாதிரிகளின் மொத்த மதிப்பு, நிறுவனத்தின் உள்நாட்டு ஆண்டு விற்பனையில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

மாதிரிகளுக்கு இத்தனை கணக்கு எதற்கு என்று தோன்றலாம். அளவின்றிக் கொடுக்கப்படும் மாதிரி, விற்றுக் காசாக்கக்கூடிய சரக்காகிவிடும்; அப்போது அதற்கும் ரொக்கப் பரிசுக்கும் வேறுபாடு இல்லை. மருந்துக் கடையில் விலை கொடுத்து வாங்கிய அட்டையின் மீது மாதிரி, விற்பனைக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தால், எங்கோ இந்த விதி மீறப்பட்டிருக்கிறது என்பதை நோயாளியே அறிந்துகொள்ளலாம்.

பேச்சாளர் என்ற விதிவிலக்கு

மாநாடுகளுக்கான பயணத்தைப் பொறுத்தவரை நெறிமுறை தெளிவாக உள்ளது. உள்நாடாயினும் வெளிநாடாயினும், ரயில், விமானம், கப்பல் பயணச்சீட்டோ விடுதி வசதியோ அளிக்கக் கூடாது. தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளை வெளிநாட்டில் நடத்துவதற்கும் தடை உண்டு. ஒரே விதிவிலக்கு, அந்த மருத்துவர் நிகழ்ச்சியில் பேச்சாளராக இருக்க வேண்டும் என்பதே.

இந்த விதிவிலக்கு நியாயமானது. ஒரு நோயைப் பற்றி நன்கறிந்த மருத்துவரைச் சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு அழைத்துப் பேச வைத்தால், பயணச் செலவை யாரேனும் ஏற்கத்தான் வேண்டும். ஆயினும் விதியைச் சுற்றிச் செல்ல விரும்புவோருக்கும் வழி இதுவே. கேட்க வந்தவரைப் பேச வந்தவராகப் பதிவு செய்துவிட்டால் பயணம் சட்டபூர்வமாகத் தோற்றமளிக்கும். ஆகவே, பெயர்ப் பட்டியலோடு தணிக்கை நின்றுவிட முடியாது. அவர் எந்தத் தலைப்பில், எத்தனை நிமிடம் பேசினார், அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் உள்ளதா, பேச்சாளர்களின் எண்ணிக்கை கேட்போரின் எண்ணிக்கையோடு பொருந்துகிறதா ஆகியவற்றைப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

நிகழ்ச்சிகளுக்குச் செய்த செலவை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் நெறிமுறை கூறுகிறது. எனினும் அது நிகழ்ச்சிக்கான செலவுக் கணக்கு மட்டுமே. எந்த மருத்துவருக்கு எவ்வளவு சென்றது என்பதை நோயாளி அதிலிருந்து அறிய முடியாது.

இரு தட்டுகளில் இரு எடை

ஆப்வி விவகாரத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்தது கண்டனம். இதில் துறையின் கனிவைக் காட்டிலும் நெறிமுறையின் எல்லையே தெரிகிறது. நாடாளுமன்றச் சட்டத்தின் வலிமை இதற்கு இல்லை. தொழில் சங்கங்களின் நெறிமுறைக் குழுக்கள் புகாரை விசாரிக்கின்றன. மேல்முறையீடு துறைச் செயலாளர் தலைமையிலான உச்சக் குழுவுக்குச் செல்கிறது. சங்கத்திலிருந்து இடைநீக்கம் அல்லது வெளியேற்றம், கண்டனம், திருத்த அறிக்கை, கொடுத்ததைத் திரும்பப் பெறுதல் ஆகியவையே இந்தக் குழுக்களின் கையில் உள்ள முக்கியத் தண்டனைகள். அபராதமோ சிறையோ இல்லை. புகார் தருபவர் தம் பெயரை வெளிப்படுத்தி, திரும்பக் கிடைக்காத 1,000 ரூபாய் கட்டணமும் செலுத்த வேண்டும். உள்ளே நடப்பதை நன்கறிந்தவர் விற்பனைப் பிரதிநிதி. வேலையை நம்பியிருக்கும் அவர் பெயர் சொல்லிப் புகார் தர முன்வருவது அரிது.

வாங்கும் தரப்புக்கான விதி இதைவிடக் கடுமையானது. மருத்துவர்கள் பரிசு, பயணம், விருந்தோம்பல், ரொக்கம் பெறுவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குமுறைகளில் 2009 டிசம்பர் 14 அன்று சேர்க்கப்பட்ட பிரிவு தடை செய்கிறது. 2016இல் தண்டனை அளவும் வரையறுக்கப்பட்டது. சிறு மதிப்புள்ள பரிசுக்குக் கண்டனம். மதிப்பு உயர உயர, மருத்துவர் பதிவேட்டிலிருந்து தற்காலிக நீக்கம். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் பெற்றது நிரூபணமானால் ஓராண்டுக்கும் மேலாகப் பெயரை நீக்கலாம். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த புதிய ஒழுங்குமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகளே தொடர்கின்றன.

இந்த அளவுகோலை ஆறு லட்சம் ரூபாய்ப் பயணத்துக்குப் பொருத்திப் பார்த்தால், ஏற்றத்தாழ்வு விளங்கும். குற்றம் நிரூபணமானால் பயணம் சென்ற மருத்துவர் ஓராண்டுக்கு மேல் தொழில் செய்ய முடியாமல் போகலாம்; அனுப்பிய நிறுவனம் ஒரு கண்டனக் கடிதத்தோடு தன் விற்பனையைத் தொடரலாம். அதே நேரத்தில், மருத்துவரைத் தண்டிக்கும் அதிகாரம் மருத்துவர்களைக் கொண்ட கவுன்சில்களிடமே உள்ளது. சக மருத்துவரின் பெயரை நீக்குவதற்குத் தேவையான ஆவணங்களோ நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களில் இருக்கின்றன. அவற்றைக் கைப்பற்றிப் பார்க்கும் வசதி வேறொரு துறையிடம் இருக்கிறது.

வரித்துறையின் பங்கு

அந்தத் துறை வருமான வரித்துறை. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லெபாரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 22 அன்று அளித்த தீர்ப்பு இதில் திருப்புமுனையாகும். ஜிங்கோவிட் என்ற ஊட்டச்சத்து மருந்து குறித்த விழிப்புணர்வுக்காக மருத்துவர்களுக்கு அளித்தவை எனச் சுமார் 4.72 கோடி ரூபாயை அந்நிறுவனம் தொழில் செலவாகக் காட்டியது. மாநாட்டுக் கட்டணம், தங்க நாணயம், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மடிக்கணினி போன்றவை அதில் அடக்கம். 2009 டிசம்பர் 14க்குப் பிந்தைய செலவை ஏற்க வரித்துறை மறுத்தது.

தடை மருத்துவருக்கு மட்டுமே. கொடுக்கும் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது என்பது நிறுவனத்தின் வாதம். நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் ஆகியோர் அதை ஏற்கவில்லை. வாங்குவது தடை செய்யப்பட்ட ஒன்றைக் கொடுப்பதும் சட்டத்துக்கு முரணானதே என்றும், அதற்கு வரிச்சலுகை கோர முடியாது என்றும் கூறினர். இலவசமாகத் தோன்றும் இப்பொருள்களின் விலை மருந்து விலையில் சேர்ந்து நோயாளியின் தலையில் விழுகிறது என்பதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

இதன் விளைவை எண்களில் காணலாம். 1.91 கோடி ரூபாய் செலவு ஏற்கப்படாமல், 25 சதவீத வரி விகிதம் பொருந்துவதாக வைத்துக்கொண்டால், சுமார் 48 லட்சம் ரூபாய் கூடுதல் வரி வரும். வட்டியும் அபராதமும் தனி. 2022 ஜூலை முதல், தொழில் தொடர்பாக ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் சலுகை அளிப்போர் 10 சதவீத வரியைப் பிடித்தம் செய்து செலுத்தவும் வேண்டும். அப்போது பெறுபவரின் பெயரும் நிரந்தரக் கணக்கு எண்ணும் வரித்துறையின் பதிவில் ஏறிவிடுகின்றன.

மருந்தாளுநரின் நிலை

மருந்தை வழங்குவோரும் நெறிமுறைக்குள் வருவதால், கடைக்காரருக்குக் குடும்பச் சுற்றுலாவோ கைபேசியோ தருவது மருத்துவருக்குத் தருவதைப் போன்றே தவறு. ஆனால் கடைக்கு வரும் ஆதாயம் பெரும்பாலும் வியாபாரச் சலுகையின் வடிவில் இருக்கும்: பத்து அட்டை வாங்கினால் ஓர் அட்டை இலவசம் என்பது போல. அச்சிட்ட விலையிலேயே விற்றால் அந்தக் கூடுதல் அட்டையின் முழு விலையும் கடையின் லாபம். வழக்கமான தள்ளுபடி எங்கே முடிகிறது, தூண்டுதல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது இங்கே கடினம்.

எனினும் ஒரு பாதுகாப்பு உண்டு. அட்டவணை எச், எக்ஸ் ஆகியவற்றில் உள்ள மருந்துகளுக்குச் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைக் கொடுப்பதை மருந்து விதிகள் தடை செய்கின்றன. சீட்டிலுள்ள பெயர் ஒன்று, கைக்கு வந்த பெயர் வேறு என்றால் காரணம் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. சீட்டே இல்லாமல் வாங்குவோருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதிக லாபம் தரும் அட்டையே முதலில் நீட்டப்படக்கூடும்.

இனி கவனிக்க வேண்டியது

அமெரிக்காவில் 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு அளிக்கும் தொகைகளை அரசிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவரின் பெயரைத் தட்டச்சு செய்து எவரும் அதைப் பார்க்கலாம். அங்கு விருந்தும் பயணமும் மறைந்துவிடவில்லை; ஆனால் அவை வெளிச்சத்தில் நடக்கின்றன.

இந்தியாவில் கொடுத்தவரின் கணக்கு ஒரு துறையிடமும், வாங்கியவரின் பெயர் இன்னொரு துறையிடமும், தண்டிக்கும் அதிகாரம் வேறோர் அமைப்பிடமும் உள்ளன. வரித்துறையிடம் சேரும் தகவலை மருத்துவக் கவுன்சில்களுக்குக் கட்டாயமாக அனுப்பும் ஏற்பாடும், கொடுப்பவருக்கும் பொருந்தும் சட்டபூர்வத் தண்டனையும் வரும்வரை, ஒவ்வொரு விவகாரமும் ஒரு துறையின் பரிந்துரைக் கடிதம் அடுத்த துறையில் எவ்வளவு விரைவாகப் படிக்கப்படுகிறது என்பதையே சார்ந்திருக்கும்.