கோட்டேஷன் போட்டா ஆர்டர் ஆயிடுமா?

போன வருஷம் செமஸ்டர் லீவுல விழுப்புரத்துல இருக்கிற மாமா கடையில ரெண்டு மாசம் உட்கார்ந்திருந்தேன். பேரிங், வி-பெல்ட், ஆயில் சீல், செயின், கப்ளிங் எல்லாம் தொழிற்சாலைகளுக்கு சப்ளை பண்ற சின்ன கடை. மாமா, ஒரு பில் போடுற அக்கா, டூவீலர்ல சுத்துற ஒரு அண்ணன், மொத்தம் மூணே பேர். ஒரு பக்கம் சுத்துவட்டார ரைஸ் மில்கள், இன்னொரு பக்கம் சர்க்கரை ஆலைகள், வடக்கே 40 கிலோமீட்டர் போல போனா திண்டிவனம் சிப்காட். இதுதான் மார்க்கெட்.

"மாப்ள, இன்ஜினியரிங் படிக்கிறியே, அடுத்த மூணு மாசத்துல எவ்வளவு ஆர்டர் வரும்னு ஒரு கணக்கு போட்டுக் கொடு. அதுக்குத் தகுந்த மாதிரி ஸ்டாக் எடுக்கணும்"னு மாமா கேட்டார். நானும் எக்செல்ல ஒரு பைப்லைன் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கணக்கு அவருக்கு வச்ச செலவுதான் இந்தக் கட்டுரை. (தொகைகளை மாமா கேட்டதால கொஞ்சம் மாத்தி, முழு எண்ணாக்கியிருக்கேன். விகிதம் மாறல.)

நான் செஞ்சது இதுதான். முந்தின ஆறு மாசத்துல 120 கோட்டேஷன் போயிருந்தது, 57 ஆர்டர் ஆகியிருந்தது. ஆக கன்வர்ஷன் 47.5%. மார்ச் மாசம் கையில முடிவு தெரியாம இருந்த கோட்டேஷன்களோட மதிப்பு 20 லட்சம். பெருக்கினேன், 9.5 லட்சம் வந்தது. "மாமா, பாதுகாப்பா ஒம்பது லட்சம்னு வச்சுக்கோங்க"ன்னு வேற சொன்னேன். அவர் சி.சி. அக்கவுன்ட்ல இருந்து 4 லட்சத்துக்குப் பெரிய சைஸ் பேரிங்கும் கப்ளிங்கும் எடுத்து வச்சார். ஜூலை முடியறப்போ அந்த 20 லட்சத்துல ஆர்டரா மாறினது 1.9 லட்சம். 11% வட்டின்னு பார்த்தாலும் ரேக்ல தூங்குற சரக்குக்கு மாசம் 3,600 ரூபாய்க்கு மேல போகுது. டீலர் திருப்பி எடுத்துக்க மாட்டார்.

பெருக்கல்ல தப்பில்ல. 47.5% எங்கிருந்து வந்ததுன்னு நான் பார்க்கல.

அப்புறம் உட்கார்ந்து அந்த 120 கோட்டேஷனையும் பிரிச்சேன். அதுல 70 பிரேக்டவுன் கேஸ். ராத்திரி ரைஸ் மில்லுல எலிவேட்டர் நின்னுடுச்சு, "6308 இருக்கா, இப்பவே ஆள் அனுப்புறேன்"னு போன் வரும். விலையை வாட்ஸ்ஆப்ல அனுப்பினா அதுவும் எங்க நோட்டுல ஒரு கோட்டேஷன்தான். 70ல 49 ஆர்டர், அதாவது 70%. ஆனா மொத்த மதிப்பே 5.6 லட்சம்தான், கிடைச்சது சுமார் 3.9 லட்சம். மீதி 50 கோட்டேஷன் திட்டமிட்ட வேலைக்கு: ஆலையில அரவை முடிஞ்சதும் நடக்கிற ஓவர்ஹால், வருஷாந்திர ஷட்டவுன், புது லைன். அதோட மதிப்பு 45 லட்சம். ஆர்டர் ஆனது வெறும் 8. அதுவும் சின்னச் சின்னது, எல்லாம் சேர்ந்து 3.6 லட்சம். எண்ணிக்கையில 16%, பணத்துல 8%.

இப்ப என் தப்பு புரிஞ்சிருக்கும். சின்ன பிரேக்டவுன் ஆர்டர்கள் சராசரியைத் தூக்கிப் பிடிச்சிருந்தது. மார்ச்ல கையில இருந்த 20 லட்சமோ கிட்டத்தட்ட முழுக்க ஓவர்ஹால் கோட்டேஷன். பிரேக்டவுன் கேஸ் அன்னைக்கே முடிஞ்சிடும், அதனால அது ஓப்பன் லிஸ்ட்டுல தங்கவே தங்காது. மாசக்கடைசியில எப்ப எடுத்துப் பார்த்தாலும் லிஸ்ட்டுல நிக்கிறது மெதுவான, ஜெயிக்கக் கஷ்டமான கேஸ்கள்தான். வேகமா முடியறதோட விகிதத்தை மெதுவா முடியறது மேல போட்டா இப்படித்தான் ஆகும்.

இதுல என் முட்டாள்தனம் மட்டும்னு சொல்ல மாட்டேன். நாம பார்க்கிற சாஃப்ட்வேரே இந்தப் பழக்கத்தைக் கத்துக் கொடுக்குது. சேல்ஸ்ஃபோர்ஸ்ல ரொம்ப நாளா டீஃபால்ட்டா வர்ற ஸ்டேஜ் லிஸ்ட்டுல விலை கொடுத்தாச்சுங்கிற நிலைக்கு 75% வாய்ப்புன்னு போட்டிருக்கும். இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்தான், ஆனா யார் மாத்துறாங்க? நம்ம ஊர் ஃபேக்டரியில பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் பொதுவா மூணு கோட்டேஷன் வாங்கி, கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போட்டு, ஒருத்தருக்கு ஆர்டர் கொடுக்கும். மூணு பேரும் ஒரே பிராண்ட் பேரிங்தான் விக்கிறாங்கன்னா, வேற எதுவும் தெரியாத நிலையில நம்ம வாய்ப்பு மூணுல ஒண்ணு. மூணு கடைக்காரனும் 75% போட்டா மொத்தம் 225% வருது!

மூணுல ஒண்ணுகூட அதிகம்னு சொல்ற இடம் உண்டு. சில நேரம் யாருக்குக் கொடுக்கணும்னு முடிவு பண்ணிட்டு, ஃபைலுக்காக மட்டும் நம்மகிட்ட கேட்பாங்க. டூவீலர் அண்ணன் இதை ஒரு நிமிஷத்துல கண்டுபிடிப்பார். என்கொயரியில அளவு, லோடு எதுவும் இல்லாம வேற சப்ளையரோட பார்ட் நம்பர் அப்படியே இருக்கும். மெயின்டனன்ஸ் ஆள் யாரும் போன் பண்ணி ஒரு சந்தேகமும் கேட்க மாட்டாங்க. "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள லெட்டர்ஹெட்ல வேணும்"னு அவசரம் மட்டும் இருக்கும். அவர் சிரிச்சுக்கிட்டே விலையை அனுப்பிட்டு மறந்துடுவார். நான் அதையும் 47.5%ல பெருக்கி வச்சிருந்தேன்.

இன்னொரு வகை, பட்ஜெட் கோட். அடுத்த ஓவர்ஹாலுக்கு எவ்வளவு செலவாகும்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறதுக்காக இன்ஜினியர் விலை கேட்பார். அவர் உண்மையாத்தான் கேட்கிறார், ஆனா வாங்குறதுக்கான அனுமதி இன்னும் அவர்கிட்ட இல்ல. இதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "சார், இண்டென்ட் போட்டாச்சா, நம்பர் என்ன?" ஃபேக்டரிக்குள்ள இண்டென்ட், இல்லைன்னா பி.ஆர்., எழுதாம பர்ச்சேஸ் ஒரு நட்டுகூட வாங்க முடியாது. நம்பர் சொன்னா அது நிஜத் தேவை.

அதனால என் கருத்து, பைப்லைன் ஸ்டேஜை நாம என்ன செஞ்சோம்னு வச்சுப் பிரிக்கக் கூடாது. "போய்ப் பார்த்தோம்", "கோட்டேஷன் கொடுத்தோம்", "ஃபாலோ-அப் பண்ணோம்" இதெல்லாம் நம்ம உழைப்பைக் காட்டுதே தவிர அவங்க எவ்வளவு நெருங்கி வந்தாங்கன்னு காட்டல. நாலு தடவை போன் பண்ணா ஸ்டேஜ் முன்னேறிடுமா என்ன? இப்ப எங்க ஷீட்டுல ஒரு கேஸ் நகரணும்னா அந்தப் பக்கம் ஏதாவது நடந்திருக்கணும். மெயின்டனன்ஸ் ஆள் பழைய பேரிங்கையோ டிராயிங்கையோ காட்டி அளவை உறுதி பண்ணியிருக்கணும். அப்புறம் இண்டென்ட் நம்பர். அப்புறம் நம்ம பேர்ல வெண்டார் கோட் இருக்கணும், அது இல்லாம எவ்வளவு குறைஞ்ச விலை கொடுத்தாலும் பி.ஓ. அடிக்க அவங்க சிஸ்டமே விடாது. அதுக்கப்புறம்தான் கம்பேரட்டிவ், பி.ஓ.

திண்டிவனம் பக்கம் இது இன்னும் முக்கியம். புதுசா ஒரு யூனிட் வந்தா "பெரிய பார்ட்டி"ன்னு உடனே லிஸ்ட்டுல ஏத்திடுவோம். ஆனா புது மெஷினுக்கு வாரண்டி ஓடுற வரைக்கும் உதிரி பாகம் பெரும்பாலும் மெஷின் கொடுத்த கம்பெனிகிட்ட இருந்துதான் வரும். வெளியில வாங்கி மாட்டி வாரண்டி போயிடுமோன்னு இன்ஜினியர் பயப்படுவார், நியாயம்தான். அந்தக் கேஸுக்கு வாய்ப்பு 10%, 20%ன்னு போடுறதைவிட, வாரண்டி எந்த மாசம் முடியுதுன்னு தேதியை எழுதி வைக்கிறது மேல்.

பழைய 50 ஓவர்ஹால் கோட்டேஷனையும் இந்த இண்டென்ட் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இண்டென்ட் இருந்தது 18, அதுல ஜெயிச்சது 7. இண்டென்ட் இல்லாதது 32, அதுல 1. மார்ச்ல இருந்த 20 லட்சத்துல இண்டென்ட் நம்பர் இருந்தது வெறும் 5 லட்சத்துக்குத்தான். 18க்கு 7ன்னா 39%, 5 லட்சத்துல 39% கிட்டத்தட்ட 1.95 லட்சம். நிஜத்துல வந்தது 1.9!

துள்ளிக் குதிச்சேன். ஒரு நாள்தான். 18 கேஸை வச்சு வந்த 39%க்கு நாம படிச்ச பைனாமியல் கணக்குல 95% நம்பக இடைவெளி போட்டா, சுமார் 17%ல இருந்து 64% வரை விரியுது. ஒட்டி வந்தது பாதி அதிர்ஷ்டம். மாசம் ஆயிரக்கணக்கான லீட் பார்க்கிற கம்பெனிக்கு இந்தப் பிரச்சினை இல்ல, மூணு பேர் கடைக்கு எப்பவும் உண்டு. பிரிக்கப் பிரிக்கக் கணக்கு நிஜத்துக்குக் கிட்ட வரும், ஆனா ஒவ்வொரு பிரிவுலயும் கேஸ் குறைஞ்சு எண் ஆட ஆரம்பிக்கும். அதனால சரக்கு எடுக்க கீழ் எல்லையான 17%ஐத்தான் நம்பணும்னு நினைக்கிறேன். கூடுதலா ஆர்டர் வந்தா சென்னையில இருந்து ஒரு நாள்ல வரவழைச்சுக்கலாம், கொஞ்சம் லாபம் குறையும், அவ்வளவுதான்.

இன்னொரு தப்பையும் திருத்தினேன். போன வாரம் கொடுத்த கோட்டேஷனை "இன்னும் ஆர்டர் ஆகல"ன்னு தோல்வியில சேர்த்தா விகிதம் பொய்யா குறையும். முடிவு தெரியற அளவுக்கு வயசான கோட்டேஷன்களை மட்டும்தான் எடுக்கணும். நாங்க 120 நாள் வச்சிருக்கோம். A தேதி, C வகை (P-ன்னா திட்டமிட்ட வேலை), F தொகை, G முடிவு:

```
=SUMIFS(F:F,C:C,"P",G:G,"W",A:A,"<"&TODAY()-120)
 /SUMIFS(F:F,C:C,"P",A:A,"<"&TODAY()-120)
```

COUNTIFS போடாம SUMIFS போட்டது வேணும்னேதான். ஸ்டாக் எடுக்கிறது பணத்துல, எண்ணிக்கையில இல்ல.

கடைசி ஸ்டேஜ் பி.ஓ. இல்ல, பணம் வர்றது. சின்ன நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும்னு 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்லுதே, வட்டி கேட்கலாமேன்னு மாமாகிட்ட பெருமையா சொன்னேன். அவர் ஆடிட்டர்தான் தெளிவுபடுத்தினார்: 2021 ஜூலையில வியாபாரிகளையும் உத்யம் பதிவுல சேர்த்தாங்க, ஆனா முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். பேரிங் தயாரிக்கிறவருக்குக் கிடைக்கிற 45 நாள் பாதுகாப்பு, வாங்கி விக்கிற மாமாவுக்குக் கிடையாது. அதனால ஷீட்டுல பி.ஓ.வுக்கு அப்புறம் "பணம் வந்த தேதி"ன்னு ஒரு காலம் சேர்த்தோம். அந்தக் காலத்தைப் பார்த்துட்டு மாமா ரெண்டு பார்ட்டிக்கு அட்வான்ஸ் இல்லாம சரக்கு கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டார்.

இந்த மார்ச்ல ஓப்பன் லிஸ்ட் 24 லட்சம். இண்டென்ட் நம்பர் உள்ளது 6 லட்சம். 17% போட்டா ஒரு லட்சத்துச் சொச்சம். பிரிண்ட் எடுத்து மாமா மேஜையில வச்சேன். 24ஐ அடிச்சுட்டு, பக்கத்துல பென்சில்ல "1"ன்னு எழுதி ரேக்ல ஒட்டிட்டார், போன வருஷத்து கப்ளிங் பெட்டிக்கு மேலயே.