கும்பிடு வேண்டாம், வணக்கம் போதும்

பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் ஒரு விடுப்புக் கடிதத்தை மனப்பாடம் செய்திருக்கிறோம். ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு’ என்று தொடங்கி, ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று குனிந்து, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று முடியும் கடிதம். காய்ச்சல் வந்ததற்காக ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. இன்று காகிதம் போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குனிவு மட்டும் போகவில்லை.

ஆய்வு மாணவனாக இருந்துகொண்டே இளநிலை வகுப்புகளுக்கும் பாடம் எடுப்பதால், என் கைபேசிக்கு இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. ஒன்று, “ஹாய் சார், நோட்ஸ் அனுப்புங்க”. இன்னொன்று, “மரியாதைக்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை வீணடிப்பதற்கு மன்னிக்கவும்”. முதலாவதை எழுதுபவர்களில் பலருக்கு வீட்டிலேயே ஒரு ஆசிரியரோ அதிகாரியோ இருக்கிறார். இரண்டாவதை எழுதுபவர்கள் பெரும்பாலும் மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரிப் பக்கமிருந்து பேருந்து பிடித்துத் திருச்சிக்குப் படிக்க வருகிறவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஆசிரியர்களின் ஓய்வறையில் முதல் வகைக்கு ‘துடிப்பான பிள்ளை’ என்று பெயர். இரண்டாம் வகைக்கு ‘பாவம், நல்ல பையன்’ என்று பெயர். பாவப்பட்ட நல்ல பையனுக்கு மதிப்பெண் கிடைக்கலாம். அவன் எதிர்க்கேள்வி கேட்டால் மட்டும், ‘இவனுக்கு என்ன ஆச்சு’ என்பார்கள்.

ஆகவே செய்தியின் முதல் வரி வெறும் நாகரிகம் சார்ந்த விஷயமல்ல. நாம் எந்த உயரத்தில் நின்று பேசப்போகிறோம் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

சமூக மொழியியலில் ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் எழுதிய ஒரு கட்டுரை புகழ்பெற்றது. ‘நீ’, ‘நீங்கள்’ போன்ற சொற்கள் இருபுறமும் ஒரேபோல் போய்வந்தால் அங்கே சமத்துவமோ நெருக்கமோ இருக்கிறது. ஒருபுறம் ‘நீங்கள்’ போய் மறுபுறமிருந்து ‘நீ’ திரும்பினால் அங்கே அதிகாரம் இருக்கிறது. இதுவே அதன் சாரம். நம் ஊர்க்காரர்களுக்கு இதைக் கட்டுரை படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அறுபது வயது உழைப்பாளி ‘சாமி’ என்று கூப்பிட, பத்து வயதுச் சிறுவன் ‘டேய்’ என்று பதில் சொன்ன வயல்வரப்புகள் இங்கேதான் இருக்கின்றன.

இன்னொரு எடுத்துக்காட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. திருவரங்கத்தில் இரண்டு வைணவர்கள் சந்தித்தால் இருவருமே ‘அடியேன்’ என்பார்கள். இருபுறமும் சொல்வதால் அந்தச் சொல் அவர்களில் யாரையும் தாழ்த்துவதில்லை. அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு அந்தப் பரிமாற்றம் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. நான் சொல்லவருவது இதுதான்: பணிவில் தவறில்லை, ஒருவழிப் பணிவில்தான் தவறு.

சுயமரியாதை இயக்கத்தார் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள். ‘நமஸ்காரம்’ இருந்த மேடைகளில் ‘வணக்கம்’ ஏறியது திராவிட இயக்கத்தின் உழைப்பால்தான். 1967-இல் அமைந்த அண்ணாவின் அரசு ‘ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி’ என்பவற்றை எடுத்துவிட்டுத் ‘திரு, திருமதி, செல்வி’யை அரசு வழக்கில் கொண்டுவந்தது. ‘வணக்கம்’ என்பதும் வணங்குதலிலிருந்து வந்த சொல்தானே என்று சிலர் மடக்குவார்கள். ஆமாம். ஆனால் அமைச்சர் சொன்னாலும் காவலாளி சொன்னாலும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல முடிகிறது. நம் அளவுகோல் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: நான் சொல்லும் முகமனை அவர் எனக்குத் திருப்பிச் சொல்ல முடியுமா? முடிந்தால் அது மரியாதை. முடியாவிட்டால் அது கும்பிடு.

ஒரு செய்தியை எடுத்துப் பார்ப்போம். முதுகலை மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்தித் தரும்படி நெறியாளருக்கு எழுதுகிறார்:

“பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கங்கள். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும் ஐயா. இயல் இரண்டு இணைத்துள்ளேன். விரைவில் பார்த்து அனுப்பவும்.”

இதில் வினோதம் என்னவென்றால், நான்கு வரி குனிந்தவர் ஐந்தாவது வரியில் ஆணையிட்டுவிட்டார். ‘அனுப்பவும்’ என்பது சுற்றறிக்கை மொழி. எழுத்துத் தமிழில் எழுதினாலே மரியாதை வந்துவிடும் என்று நினைப்பதால் வரும் சிக்கல் இது. படிப்பவருக்கு முதலில் சங்கடம் வருகிறது, பிறகு எரிச்சல். பெயரும் இல்லை, என்றைக்குள் வேண்டும் என்பதும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். நான் முதுகலை இரண்டாம் ஆண்டு, (பெயர்). இயல் இரண்டை இணைத்திருக்கிறேன். 14-ஆம் தேதி துறையில் கொடுக்க வேண்டும். அதற்குள் பார்த்துச் சொல்ல முடியுமா சார்?”

இதில் ‘சார்’ இரண்டு முறை வருகிறது, அது போதும். மரியாதையை ‘முடியுமா’ என்ற கேள்வி சுமக்கிறது. அவர் மறுக்கவும் இடம் இருக்கிறது, நாம் கேட்கும் உரிமையும் அப்படியே இருக்கிறது. ‘வணக்கம் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்காக வாசலில் நிற்பதுபோலக் காத்திருக்க வேண்டாம். முகமனும் விஷயமும் ஒரே செய்தியில் போகட்டும். அவர் உடனே பதில் சொன்னால் அடுத்த வரியில் மறுபடி வணக்கம் தேவையில்லை. மறுநாள் புதிதாகத் தொடங்கினால் தேவை.

‘சார்’ எதற்கு என்று கேட்கும் தோழர்களும் உண்டு. கேரளத்தில் பாலக்காட்டு மாத்தூர் ஊராட்சி 2021-இல் ‘சார், மேடம்’ வேண்டாம் என்றது. 2023-இல் அம்மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம், ஆணோ பெண்ணோ ‘டீச்சர்’ என்றே அழைக்கச் சொன்னது. நல்ல முயற்சிதான். ஆனால் தமிழ்நாட்டுக் கல்லூரியில் ஒரு மாணவர் மட்டும் தனியாகச் ‘சாரை’க் கைவிட்டால் அதன் விலையை அவர்தான் கொடுப்பார். அந்த மாற்றம் ஊராட்சியிலும் துறையிலும் கூட்டாக எடுக்க வேண்டிய முடிவு. அதுவரை ‘சார்’, ‘மேடம்’ இருக்கட்டும். ‘தங்கள் பாதம்’, ‘தங்கள் அடிமை’ இன்றே போகட்டும்.

வகுப்புக் குழுவில் சிக்கல் வேறு விதமானது. அங்கே விறைப்பைவிட அளவுமீறிய சொந்தம்தான் ஆபத்து. ‘டேய் மாப்ளைகளா’ என்று தொடங்கும் செய்தியில் வகுப்பின் பெண்களுக்கு இடமில்லை. தவிர, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாப்பிள்ளை, மச்சான், பங்காளி எல்லாம் யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்ற கணக்கிலிருந்து பிறந்த சொற்கள். கல்லூரியில் பலர் சாதி பார்க்காமல்தான் சொல்கிறார்கள். ஆனால் யாரை எல்லோரும் ‘மாப்ள’ என்கிறார்கள், யாரை மட்டும் பெயர் சொல்லி நிறுத்துகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். சில குழுக்களில் ஊர்க் கோடு அப்படியே தெரியும். “எல்லோருக்கும் வணக்கம், நாளைத் தேர்வு அறை மாறியிருக்கிறது” என்று எழுதுங்கள். யாரும் விடுபடாமல் இருப்பதுதான் குழுவில் மரியாதை.

கடைசியாக ஆசிரியர்களுக்கு. மாணவர் ‘வணக்கம் சார்’ என்றால் கட்டைவிரலைக் காட்டாதீர்கள். ‘என்னடா’ என்றும் கேட்காதீர்கள். “வணக்கம், சொல்லுங்க” என்று இரண்டு சொல் எழுதுங்கள். மாணவர்களுக்கு முகமன் எழுதக் கற்றுக்கொடுக்கும் பயிலரங்குகளைவிட இந்த இரண்டு சொற்கள் அதிகம் கற்றுக்கொடுக்கும்.