கவிழ்ந்த வளைவும் வராத மந்தமும்

“யீல்டு கர்வ் கவிழ்ந்தால் மந்தம் வந்தே தீரும். இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.” 2019 ஆகஸ்டில் முதன்முதலாகக் காதில் விழுந்த இந்த வாசகம் இன்றுவரை என்னை விட்டபாடில்லை. தி.நகரில் மண்டபம் பிடித்து நடத்தும் முதலீட்டாளர் கூட்டங்களில் இது தவறாமல் வரும். அண்மையில் அடையாறில் பேசிய ஒரு நிதி ஆலோசகரும் இதையே சொன்னார். திரையில் அமெரிக்க வரைபடம், மந்த காலங்களுக்குச் சாம்பல் நிறப் பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் முன்னால் பூஜ்ஜியத்துக்குக் கீழே முங்கி எழும் ஒரு கோடு. ஓய்வூதியக்காரர்கள் நிறைந்த அரங்கம் கப்சிப். அந்தக் கோடு 2020-உடன் நின்றுவிட்டதை ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது அவருக்குத் தோதாக இல்லை, பாவம்.

நடந்தது இதுதான். 2022 ஜூலையில் அமெரிக்காவின் இரண்டு ஆண்டுப் பத்திரத்தின் வட்டி, பத்து ஆண்டுப் பத்திரத்தின் வட்டியைத் தாண்டியது. 2024 ஆகஸ்டு கடைசி வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே கிடந்தது. மந்தம் வரவில்லை. 1966-லும் கவிழ்ந்தது, அப்போதும் வரவில்லை. இந்தக் கணக்கை 1986-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த கேம்பெல் ஹார்வியே 2023 தொடக்கத்தில், இம்முறை இது பொய் எச்சரிக்கையாக இருக்கலாம் என்றார். குருவே தயங்கிய இடத்தில் சீடர்களுக்குத் தயக்கமே இல்லை. “தாமதமாக வரும், பாருங்கள்” என்கிறார்கள். கெடு எதுவும் சொல்லாத ஆரூடம் எப்படிப் பொய்க்கும்?

முதலில் இந்த வளைவு எதை அளக்கிறது என்று பார்ப்போம். அதற்கு வாஷிங்டன் போக வேண்டாம், மயிலாப்பூரில் ஏதாவது ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையின் வட்டிப் பலகை போதும். 2023-இல் ‘அம்ருத் கலஷ்’ என்ற 400 நாள் வைப்புக்கு அந்த வங்கி 7.10 சதவீதம் கொடுத்தது. அதே பலகையில் ஐந்து ஆண்டு எஃப்.டி.க்கு 6.50. (பொதுப் பிரிவு வட்டியைச் சொல்கிறேன், மூத்த குடிமக்கள் கணக்கு வேறு.) சென்னையிலேயே தலைமையகம் வைத்திருக்கும் இந்தியன் வங்கியும் ஐ.ஓ.பி.யும்கூட இதே பாணியில் 400 நாள், 444 நாள் திட்டங்களை வைத்திருந்தன. குறுகிய காலத்துக்கு அதிகம், நீண்ட காலத்துக்குக் குறைவு. கவிழ்ந்த வளைவு என்பது இவ்வளவுதான்.

இப்போது கூட்டுவட்டியை விட்டுவிட்டு ஒரு மனக்கணக்கு. ஐந்து ஆண்டுக்கு 6.50 என்றால் நூறு ரூபாய்க்கு மொத்த வட்டி 32.50. நானூறு நாளில், அதாவது ஓர் ஆண்டும் சுமார் ஐந்து வாரங்களும் முடியும்போது, 7.10 வீதம் ஏறக்குறைய 7.78 கிடைத்துவிடும். மீதி 24.72-ஐ மிச்சமுள்ள சுமார் 3.9 ஆண்டுகளில் ஈட்ட வேண்டும். வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6.33. இரண்டு திட்டமும் சமமாக வர வேண்டுமானால் 400 நாள் கழித்துக் கிடைக்கும் வட்டி சராசரியாக 6.3 சதவீதமாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். இனி வட்டி இறங்கும், அதனால் 6.50-க்கு மேல் ஐந்து ஆண்டுக்குக் கையைக் கட்டிக்கொள்ள மாட்டோம் என்பதே பலகை சொன்ன சேதி. வங்கிப் பலகையில் வங்கியின் பணத்தேவையும் கலந்திருக்கும் என்பது உண்மைதான். ஏலத்தில் விலை முடிவாகும் அரசுப் பத்திரத்திலும் கணக்கு இதேதான்: நீண்ட கால வட்டி என்பது, வரப்போகும் குறுகிய கால வட்டிகளின் சராசரி எதிர்பார்ப்பு, அதோடு பணத்தைப் பல வருடம் முடக்குவதற்கான கூடுதல் கூலி. இந்த இரண்டில் மந்தம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பலகை சொன்னது பலித்தது. 6.50-இல் இருந்த ரெப்போவை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் குறைக்கத் தொடங்கியது, டிசம்பரில் அது 5.25-க்கு வந்தது. காரணம் மந்தமா? இல்லை, விலைவாசி தணிந்தது. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். வட்டி இறங்குவதற்கு மந்தம் ஒரு காரணமாக இருக்கலாம், பணவீக்கம் ஒடுங்குவது இன்னொரு காரணமாக இருக்கலாம். எந்தக் காரணம் என்பதை வளைவு சொல்வதே இல்லை. அதைச் சொல்வது பேச்சாளர்தான்.

“எஃப்.டி. பலகையை எல்லாம் கணக்கில் எடுக்கக்கூடாது, அரசுப் பத்திரச் சந்தையைப் பாருங்கள்” என்பார்கள். மகிழ்ச்சியாகப் பார்க்கலாம். இந்தியப் பத்திரச் சந்தையில் வளைவு மிகக் கோரமாகக் கவிழ்ந்தது 2013-இல். இந்தக் கதையை எந்தக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

2013 மே 22 அன்று, பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம் கடன் பத்திரங்களை விற்றுவிட்டு டாலரோடு கிளம்பினார்கள், ரூபாய் சரிந்தது. அப்போதைய ஆளுநர் சுப்பாராவ் ஜூலை 15 இரவு ஒரு முடிவை அறிவித்தார். 7.25 சதவீத ரெப்போவில் கைவைக்கவில்லை. ஆனால் அந்த வட்டியில் வங்கிகள் எல்லாமாகச் சேர்ந்து 75,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்க முடியாது. அதற்கு மேல் வேண்டுமானால் எம்.எஸ்.எஃப். என்ற அவசர ஜன்னலுக்கு வர வேண்டும், அங்கே வட்டி 10.25. ஒரு வாரம் கழித்து, ஜூலை 23 அன்று, பிடி இன்னும் இறுகியது. ஒவ்வொரு வங்கிக்கும் அதன் வைப்புத்தொகையில் அரை சதவீதம்தான் ரெப்போ வரம்பு, ரொக்க இருப்பு விகிதத்தில் 99 சதவீதத்தை அன்றாடம் வைத்திருக்க வேண்டும் என்று ஆணை. நோக்கம் ஒளிவுமறைவில்லாதது. மலிவான ரூபாயைக் கடன் வாங்கி டாலர் வாங்குபவனுக்கு அந்த ரூபாயை விலையுயர்ந்ததாக்குவது.

விளைவாக, அதற்கு முன் ஏழரைக்கும் குறைவாக இருந்த 91 நாள் கருவூல பில்லின் வட்டி 11 சதவீதத்தைத் தாண்டியது. பத்து ஆண்டுப் பத்திரமோ எட்டைச் சுற்றியே நின்றது. ஏறக்குறைய மூன்று சதவீதப் புள்ளிக் கவிழ்ப்பு! ஹார்வி வழிப்படி இது பிரளயத்துக்கான அறிவிப்பாக இருந்திருக்க வேண்டும்.

மேலே போட்ட மனக்கணக்கையே மறுபடி போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு 11, அதன்பின் ஒன்பதே முக்கால் ஆண்டுக்கு 8 என்று சந்தை நம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கால் ஆண்டின் பங்கு 2.75, மீதியின் பங்கு 78. மொத்தம் 80.75, பத்தால் வகுத்தால் 8.075. குறுகிய வட்டி மூன்று புள்ளிக்கு மேல் எகிறியும், நீண்ட வட்டி ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்குகூட ஏற வேண்டியதில்லை. ‘இந்த நெருக்கல் கொஞ்ச நாள்தான்’ என்ற ஒரே நம்பிக்கை போதும், வளைவு தலைகீழாகிவிடும். தொழிற்சாலை மூடுவது, ஆள்குறைப்பு, விற்பனைச் சரிவு எதுவும் இந்தக் கணக்கில் நுழையவே இல்லை. காய்ச்சலுக்கு வாயில் வைக்கும் தெர்மாமீட்டரை மருத்துவர் வெந்நீரில் முக்கிவிட்டு எடுத்தால், அதில் ஏறும் பாதரசம் நோயாளியைப் பற்றி எதையும் சொல்லாது.

அந்த நம்பிக்கையும் ஆகஸ்டில் ஆட்டம் கண்டது. ரூபாய் மேலும் சரிய, நெருக்கல் நீளுமோ என்ற பயத்தில் பத்து ஆண்டு வட்டி 9-ஐத் தாண்டியது. அதாவது நிலைமை மோசமானபோது கவிழ்ப்பு குறைந்தது! ஆகஸ்டு 20 அன்று ரிசர்வ் வங்கி, 8,000 கோடி ரூபாய்க்கு நீண்ட காலப் பத்திரங்களைத் தானே வாங்கப்போவதாக அறிவித்தது. வங்கிகள் பெருமூச்சு விட்டன, நீண்ட வட்டி மளமளவென்று இறங்கியது, கவிழ்ப்பு மறுபடி ஆழமானது. கவிழ்ப்பை அபாய அளவாக வாசிப்பவர் அந்த நிம்மதியைப் பீதி என்றும், முந்தைய பீதியை நிம்மதி என்றும் படித்திருப்பார்.

ஆகஸ்டு 28 அன்று டாலருக்கு 68 ரூபாயைத் தாண்டி ரூபாய் அடிமட்டத்தைத் தொட்டது. செப்டம்பர் 4-இல் ரகுராம் ராஜன் பொறுப்பேற்றார். எம்.எஸ்.எஃப். வட்டி படிப்படியாக இறங்கி அக்டோபர் 29-இல் 8.75 ஆனது, ரெப்போ 7.75-க்கு ஏறியது, இரண்டுக்கும் இடையே வழக்கமான ஒரு புள்ளி இடைவெளி திரும்பியது. மந்தம்? 2011-12 விலைத் தொடர்படி 2012-13 வளர்ச்சி 5.5, கவிழ்ப்பு நடந்த 2013-14-இல் 6.4, அடுத்த ஆண்டு 7.4. அந்தத் தொடரில் ஏமாற்று வேலை என்பவர்களுக்காக அதற்கு முந்தைய தொடரையும் பார்த்தேன். அதிலும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

சரி, பொய்யாகக் கூவியது ஒருபுறம். கூவ வேண்டிய நேரத்தில் என்ன செய்தது? பத்திர வட்டியைச் சந்தை தீர்மானிக்கத் தொடங்கியபின் இந்தியப் பொருளாதாரம் ஓர் ஆண்டு முழுக்கச் சுருங்கியது 2020-21-இல் மட்டும்தான், 5.8 சதவீதம். அதற்கு முன், 2020 பிப்ரவரியில் ரெப்போ 5.15, பத்து ஆண்டு வட்டி 6.4 அருகே. மேல்நோக்கிச் சரிவான, ஆரோக்கியமான, பாடப்புத்தக வளைவு. ‘கொரோனாவை யார் கண்டார்’ என்று கேட்பார்கள். ஆனால் கொரோனாவுக்கு முன்பே, 2019-20-இல், வளர்ச்சி 4 சதவீத அளவுக்கு இறங்கியிருந்தது. கார் விற்பனை படுத்திருந்தது. வளைவு மட்டும் மேல்நோக்கியே இருந்தது. 2019 டிசம்பரில், நீண்ட கால வட்டி இவ்வளவு உயரத்தில் நிற்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே நீண்ட பத்திரங்களை வாங்கி, குறுகியவற்றை விற்று வளைவைக் கையால் அழுத்திப் பார்த்தது. அது இறக்குவதற்குப் போராடிய வளைவைத்தான் இவர்கள் ஜாதகம்போல விரித்துப் படிக்கிறார்கள்.

இங்கே வளைவின் வடிவத்துக்கு வேறு காரணங்கள் உண்டு. வங்கிகள் தம் வைப்புத்தொகையில் 18 சதவீதத்தை அரசுப் பத்திரம் போன்றவற்றில் சட்டப்படி வைத்தாக வேண்டும். எல்.ஐ.சி.யும் வருங்கால வைப்பு நிதியும் நீண்ட பத்திரங்களை எந்தக் காலத்திலும் வாங்குபவை. அரசு எவ்வளவு கடன் வாங்குகிறது, அதில் எவ்வளவு நீண்ட காலத்துக்கு என்பவைதான் நீண்ட முனையை நிர்ணயிக்கின்றன. குறுகிய முனையை ரிசர்வ் வங்கியின் அன்றாடப் பணப்புழக்கம் நிர்ணயிக்கிறது. அது எவ்வளவு உபரி, எவ்வளவு பற்றாக்குறை என்பதை அந்த வங்கி தினமும் வெளியிடுகிறது. அதைப் பார்க்கக் கூட்டத்துக்குப் போகும் ஆட்டோ செலவுகூட இல்லை.

அமெரிக்காவில் கவிழ்ப்புக்கும் மந்தத்துக்கும் பொருத்தம் நெடுநாள் ஓடியதற்கும் காரணம் எளிது: பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி குறுகிய வட்டியை அவ்வளவு உயரம் ஏற்றும்போது கடன் வாங்கியவர்கள் நொடித்துப்போவார்கள். நொடிக்க வைப்பது வட்டி. வளைவு அந்த வட்டியின் நிழல்.

அடையாறு பேச்சாளரின் அறிவுரைக்கு வருவோம். வளைவு கவிழ்ந்திருக்கிறது, ஆகவே பணத்தை நீண்ட காலத்துக்கு முடக்காதீர்கள், சேமிப்புக் கணக்கில் கையருகே வைத்திருங்கள், மந்தம் வந்தபின் மலிவாக வாங்கலாம் என்றார். வட்டி இறங்கப்போகிறது என்று வளைவு சொல்லும்போது செய்யக்கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். 2023-இல் ஐந்து ஆண்டுக்கு 6.50-இல் போட்டவருக்கு 2028 வரை 6.50. சேமிப்புக் கணக்கில் கையருகே வைத்துக்கொண்டு மந்தத்துக்குக் காத்திருந்தவருக்கு ஸ்டேட் வங்கி 2025 ஜூன் முதல் கொடுப்பது 2.50.