மிரட்டுபவனுக்கு முதல் நமது மௌனமே



சகோதரர் ஒருவர் கடன் செயலியில் 5,000 ரூபாய்க்கு விண்ணப்பித்தார். கட்டணம் பிடித்ததுபோகக் கைக்கு வந்தது 3,200. தவணை 7 நாள். ஆறாம் நாளே செய்தி வந்தது: மாலைக்குள் முழுத் தொகையும் வராவிட்டால், தொடர்புப் பட்டியலிலுள்ள அனைவருக்கும் அவரது படம் 'மோசடிக்காரன்' என்ற பட்டத்தோடு செல்லுமாம். சான்றாக அவருடைய சாச்சாவின் பெயரும் கடை முதலாளியின் பெயரும் அதிலிருந்தன.

வீட்டில் சொன்னால் "வட்டிக்கா வாங்கினாய்?" என்பார்களே என்று அஞ்சி, அவர்கள் தந்த யு.பி.ஐ. முகவரிக்கு 5,000 அனுப்பினார். மறுநாள் 'தாமதக் கட்டணம்' 2,000 கேட்டு அதே மிரட்டல்.

அந்த இரு பெயர்களும் விண்ணப்பத்தில் அவரே எழுதிக் கொடுத்தவை! பட்டியல் களவு போனதற்கு அவை சான்றாகா. எங்கும் எழுதாத பெயர் செய்தியில் வந்தால் மட்டுமே ஐயம் வலுக்கும். கைபேசியில் Settings, Apps, அச்செயலி, Permissions என்று சென்று Contacts-ஐப் பாருங்கள். அனுமதி ஒருபோதும் தரப்படவில்லையெனில் மிரட்டல் பெரும்பாலும் வெற்று. கடனே வாங்காதவருக்கும் இத்தகைய செய்தி வருகிறது. அனுமதி தந்திருந்தால் பட்டியல் முன்னமே போயிருக்கக்கூடும். செயலியை நீக்கினாலும் அது திரும்பாது. பணம் கட்டினாலும் திரும்பாது. ஆகவே மெய்யோ பொய்யோ, மிரட்டலுக்குப் பணம் தருவது விடையன்று.

முதலில் செய்தி, எண், யு.பி.ஐ. முகவரி, பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றைத் திரைப்பதிவாக எடுத்து வையுங்கள். பின்னரே அனுமதியை நீக்கிச் செயலியை அகற்றுங்கள். 1930 என்ற எண்ணிலும் cybercrime.gov.in தளத்திலும் புகார் அளியுங்கள். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்துவிட்டது. அனுமதியை அழுத்திய நீங்கள் குற்றவாளி அல்லர். வாங்கிய கடனுக்குப் பொறுப்பு உண்டுதான். ஒப்பந்தத்தில் வங்கியோ நிதி நிறுவனமோ குறிக்கப்பட்டிருந்தால் அதன் சொந்தக் கணக்கிலேயே செலுத்துங்கள். தனிநபர் முகவரிக்கு அன்று.

அவன் அனுப்புமுன் நீங்களே உறவினர்க்குச் சொல்லிவிடுங்கள்: "என் பெயரில் இழிவான படம் வரலாம், அது கடன் செயலியின் மிரட்டல், நம்பவோ பணம் தரவோ வேண்டாம்." மிரட்டலின் பாதி வலிமை அத்துடன் போய்விடும்.

ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்ல நம் வீடுகள் இடம் தருகின்றனவா? வட்டி ஹராம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அதை இந்நேரத்தில் முதல் வார்த்தையாகச் சொல்லும் வாப்பாவும் மாமாவும், பிள்ளையை மிரட்டுபவனிடமே திருப்பி அனுப்புகிறார்கள். முதலில் கைபேசியை வாங்கிப் பாருங்கள். கண்டிப்பைப் புகார் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அவர்களினும் கொடியவர், வந்த படத்தை 'உண்மையா?' என்று கேட்டு ஜமாஅத் குழுவில் பகிர்பவர். ஊதியமின்றி மிரட்டுபவனின் வேலையைச் செய்கிறார் அவர். உங்களுக்கு அப்படம் வந்தால் எவருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய எண்ணைக் குறித்துக்கொண்டு, படத்திலிருப்பவரை அழைத்துப் பேசுங்கள். அவருடைய புகாருக்கு அந்த எண் தேவைப்படும்.