28 ஆண்டுகள் காத்திருந்த தங்கம்



தங்கம் விலை இறங்கினாலும் விரைவில் ஏறிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரில் வலுவாக உள்ளது. 1980க்குப் பிந்தைய டாலர் விலை வரலாறு அதற்கு இடம் தரவில்லை. ஒரு பொருளின் விலை உச்சத்தைத் தொட்டபின், அந்த உச்சத்தை மீண்டும் எட்டுவதற்குள் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதைச் சதவீதத்தில் கூறுவதே அதிகபட்ச வீழ்ச்சி எனப்படும். ஈரான் நெருக்கடியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததும் பணவீக்க அச்சத்தோடு சேர்ந்துகொள்ள, 1980 ஜனவரி 21 அன்று லண்டன் சந்தையில் ஓர் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 4 பவுன், 850 டாலருக்கு விற்றது. அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்கர் பணவீக்கத்தை அடக்க வட்டியை 20 சதவீத அளவுக்கு உயர்த்தவே, வட்டி தராத தங்கத்தை வைத்திருப்பது நட்டமாயிற்று. பின்னாளில் மத்திய வங்கிகளும் தம் கையிருப்பை விற்றன. 1999 மே மாதத்தில் பிரிட்டன் தன் தங்கத்தில் பாதிக்கு மேல் விற்கப்போவதாக அறிவித்தபின், அவ்வாண்டின் நடுவில் விலை 252.80 டாலருக்கு இறங்கியது. அதிகபட்ச வீழ்ச்சி 70 சதவீதம்.

எழுபது சதவீதம் இழந்தவர் எழுபது சதவீத ஏற்றத்தால் மீள்வதில்லை, 252.80 மீண்டும் 850 ஆவதற்கு விலை 3.36 மடங்காக வேண்டும். அது 2008 ஜனவரியில்தான் நிகழ்ந்தது. ஒரே ஒரு நாளின் உச்சத்தை எடுத்துக்கொள்வது நியாயமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் 1980ஆம் ஆண்டின் சராசரி விலையான சுமார் 615 டாலருக்கு வாங்கியவரும் 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. இதுவும் டாலரின் முகமதிப்பில் மட்டுமே. அமெரிக்க விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், பழைய 850 டாலரின் வாங்கும் திறனைத் தங்கம் 2025இல்தான் எட்டியது.

ஊரில் இந்த வீழ்ச்சி இத்தனை ஆழமாக நினைவில் நிற்காததற்கு ரூபாயும் ஒரு காரணம். 1980இல் ஒரு டாலர் சுமார் 8 ரூபாய். 1999இல் சுமார் 43 ரூபாய். லண்டன் விலையை அப்படியே மாற்றினால், உச்ச நாளின் அவுன்ஸ் சுமார் 6,800 ரூபாய், அடிமட்ட நாளின் அவுன்ஸ் சுமார் 11,000 ரூபாய் என்று வரும். இறங்கியது தங்கம், அதைவிட வேகமாக இறங்கிய ரூபாய் அந்தச் சரிவை மறைத்துவிட்டது. ஆகவே, அயல்நாட்டில் டாலரில் சம்பாதித்து டாலரிலேயே தங்கம் சேர்க்கும் பிள்ளைக்கு ஊரின் அனுபவம் பொருந்தாது என்பதைப் பெற்றோர் கணக்கில் கொள்வது நல்லது. அந்தப் பிள்ளைக்கு ரூபாயின் மறைப்பு இல்லை.