யாருக்காக இந்தப் பலகை?

ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோ வாசலில் ஒரு பலகை தொங்கும். "பாஸ்போர்ட் படம் ஒரு மணி நேரத்தில்" என்று எழுதியிருக்கும். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கூட ஓடிக்கொண்டே படித்துவிடுவார். தனக்கு வேண்டுமென்றால் நிற்பார், வேண்டாமென்றால் போய்விடுவார். அந்தப் பலகை எழுதியவருக்குக் கவிதை தெரியுமோ தெரியாதோ, தொழில் தெரியும்.

இன்று ஸ்டூடியோ இல்லாமல், காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகத் தொழில் செய்யும் படக்காரர்கள் எத்தனையோ பேர். பெண்களும் நிறைய இருக்கிறார்கள். இவர்களுக்கு வாசலும் இல்லை, பலகையும் இல்லை. இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பெயருக்குக் கீழே இருக்கும் மூன்று நான்கு வரிதான் இவர்களுடைய பலகை. அந்த இடத்துக்கு 'பயோ' என்று பெயர். அதில் என்ன எழுதுகிறார்கள் என்று நீங்களே கொஞ்சம் பாருங்கள், சகோதரி! பத்துப் பேரைப் பார்த்தால் ஏழெட்டுப் பேர் தங்களைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள்.

சென்னையில் இந்தத் தொழில் செய்யும் ஒரு பெண்மணியின் பலகையையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அவருடைய பழைய பயோ ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஒளியைத் துரத்துபவள். கதைசொல்லி. காப்பிப் பிரியை. பயணமே மூச்சு. கணங்களைக் காலத்தில் உறைய வைக்கிறேன்."

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடி வீட்டு மாமியிடம் கைபேசியை நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் பிடுங்கிக்கொண்டு, "என்ன புரிந்தது, மாமி?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"நன்றாகக் காப்பி போடுவாய் என்று புரிந்தது" என்றார் மாமி.

இந்த மூன்று எண்ணும் சோதனையை விடச் சிறந்த சோதனை கிடையாது. கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இவர் யாருக்கு வேலை செய்கிறார்? எந்த ஊரில்? அவரை அழைக்க நான் என்ன செய்ய வேண்டும்? மூன்றுக்கும் பதில் வந்தால் பலகை சரி. சோதனை செய்யப்படுகிறவர் நம் தொழிலைப் பற்றி அதிகம் தெரியாதவராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கணவரிடமும் நெருங்கிய தோழியிடமும் காட்டிப் பயனில்லை. அவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும்.

சரி, பலகையை மாற்ற உட்கார்ந்தாயிற்று. உடனே பேனாவை எடுத்துவிடக் கூடாது. முதலில் எடுக்க வேண்டியது கணக்கு நோட்டு. சென்ற பன்னிரண்டு மாதத்தில் யார் யாருக்குப் படம் எடுத்தோம், அவர்கள் எப்படி நம்மிடம் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்தப் பெண்மணியின் நோட்டில் மொத்தம் 31 வேலைகள். 19 பச்சைக் குழந்தைகள். வளைகாப்பு 5, கல்யாணம் 4, புடைவைக் கடை முதலிய சில்லறை வேலைகள் 3. அவர் தம்மைக் கல்யாணப் படக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நோட்டு வேறு கதை சொல்லிற்று.

இங்கேதான் ஒரு தகராறு வந்தது. "குழந்தை என்று மட்டும் எழுதினால் கல்யாண வேலை போய்விடுமே! வீட்டு வாடகை யார் கொடுப்பது?" என்றார். நியாயமான பயம்தான். தனியாகத் தொழில் செய்கிறவர் ஒரு வேலையைக்கூட இழக்கத் துணிய மாட்டார். அதனால்தான் பலரும், "கல்யாணம், வளைகாப்பு, குழந்தை, உணவு, பேஷன், கட்டடம், பயணம்" என்று மளிகைச் சாமான் பட்டியல் போல எழுதிவிடுகிறார்கள். எல்லோருக்கும் என்று எழுதியதை யாரும் தனக்கு என்று எடுத்துக்கொள்வதில்லை. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இரவில் தூக்கம் வராமல் புரண்டு படுத்து, கட்டை விரலால் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறாள். அந்த ஏழு சொற்களில் மூன்றாவதாக ஒளிந்திருக்கும் 'குழந்தை' அவள் கண்ணில் படாது.

மறுபடியும் நோட்டைப் பார்த்தோம். நான்கு கல்யாணங்களும் எப்படி வந்தன? ஒன்று சித்தப்பா மகளுடையது. இரண்டு, பழைய காலேஜ் தோழிகள். நான்காவது, அந்தத் தோழி ஒருத்தியின் நாத்தனார். இவர்களில் ஒருவராவது பயோவைப் படித்துவிட்டு வந்தவர் இல்லை! தெரிந்தவர்கள் மூலம் வருகிற வேலைக்குப் பலகையே தேவையில்லை. அது எப்படியும் வரும். பலகை முன்பின் தெரியாதவர்களுக்காக. அப்படித் தெரியாதவர்களாக வந்த எட்டுப் பேரும் கைக்குழந்தைக்காரர்கள். இதைக் கண்ட பிறகுதான் வாடகையைப் பற்றிய பயம் அவருக்குத் தெளிந்தது.

இனிச் சொற்கள். அந்த எட்டுப் பேர் முதன்முதலில் எழுதிய செய்திகளைத் தேடி எடுத்துப் படிக்கச் சொன்னோம். ஒருவர் விடாமல் கேட்டிருந்த கேள்வி, "வீட்டுக்கே வருவீர்களா?" என்பது. யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் இருக்கிறாள். பச்சை உடம்பு, குழந்தையையும் வெளியே எடுத்துப் போக மாட்டார்கள். ஆனால் சுருண்டு தூங்கும் அந்தக் கோலத்தில் படம் எடுக்க ஏற்ற காலம் பிறந்த முதல் இரண்டு வாரம்தான். அதற்குப் பிறகு குழந்தை கையைக் காலை நீட்ட ஆரம்பித்துவிடும், தூக்கமும் குறையும். ஆக, ஸ்டூடியோவுக்குப் போகவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. அந்த வீட்டுக்காரர்களுடைய சங்கடம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. 'ஒளியைத் துரத்துபவள்' இருந்த இடத்தில் 'வீட்டுக்கே வந்து' வர வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

முதலில் அவர் எழுதி வந்த வரி இது: "பெற்றோரின் விலைமதிப்பற்ற தருணங்களை அழியா நினைவுகளாக்குகிறேன்." பழைய பயோவுக்கு இது தேவலை, பெற்றோர் என்று ஒரு மனிதராவது உள்ளே வந்துவிட்டார். ஆனால் இருபது வயதுப் பையனின் பெற்றோரும் பெற்றோர்தானே? தருணம், நினைவு என்பவை எல்லாப் படக்காரரும் எழுதுபவை. அடித்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. மேலும், பெற்றோர் மட்டும்தானா அழைக்கிறார்கள்? அக்காவும் பாட்டியுமாகச் சேர்ந்து ஏற்பாடு செய்ததும் நோட்டில் இருந்தது.

கடைசியில் நின்றது இது:

"பச்சைக் குழந்தையை உங்கள் வீட்டுக்கே வந்து படமெடுக்கிறேன்.
சென்னை, தாம்பரம் வரை.
பிரசவத் தேதி சொன்னால் நாள் குறித்து வைப்பேன்."

மூன்று வரி, மூன்று கேள்விக்கும் பதில். 'தாம்பரம் வரை' என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். 'உலகெங்கும் வருவேன்' என்று எழுதினால் கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று மணி நேர வேலைக்குத் திருவள்ளூரிலிருந்து அழைப்பு வந்தால் போய்வரும் செலவில் லாபம் கரைந்துவிடும். மூன்றாவது வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தொடர்பு கொள்க' என்றால் எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று பலருக்குத் தயக்கம். பிரசவத் தேதியைக் கேட்டுவிட்டால் பேச்சு தானே தொடங்கிவிடுகிறது. டாக்டர் சொன்ன தேதியில்தான் பிள்ளை பிறக்கும் என்பதில்லை. ஆகையால் அந்தத் தேதிக்குப் பின் சில நாட்களைப் படக்காரர் தளர்த்தியாக விட்டு வைக்கிறார்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பயோவுக்கு 150 எழுத்துதான் இடம். நம் கண்ணுக்கு 'வீட்டுக்கே' என்பது ஐந்து எழுத்து. கணினியோ புள்ளியையும் கொம்பையும் சுழியையும் தனித்தனியாக எண்ணும்; அதற்கு அது பத்து! மேலே உள்ள மூன்று வரியும் சேர்ந்து இந்தக் கணக்கில் 125 ஆகிறது. வரி நீண்டால் மிச்சத்தை `more` என்ற சொல்லுக்குப் பின்னால் மடித்து வைத்துவிடும். ஆகையால் 'யாருக்கு' என்பது முதல் வரியில் இருந்தே தீர வேண்டும்.

தேடுகிறவர்கள் தமிழில் தேடுவதில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், பெரும்பாலும் ஆங்கிலத்தில் தட்டுகிறார்கள். அதற்கு இடம் பயோ அல்ல, அதற்கு மேலே இருக்கும் `Name` என்ற கட்டம். தேடலில் அகப்படுவது அந்தக் கட்டம். தம் பெயருக்குப் பக்கத்தில் `Newborn Photographer Chennai` என்று அவர் சேர்த்துக்கொண்டார். அந்தக் கட்டத்தை 14 நாளில் இரண்டு தடவைக்கு மேல் மாற்ற விடமாட்டார்கள்; எனவே எழுதிப் பார்த்துத் திருத்துவதைக் காகிதத்தில் முடித்துவிட்டுப் போவது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகு மாமியிடம் மறுபடி கைபேசியை நீட்டினார். "குழந்தையைப் படம் பிடிக்க வீட்டுக்கு வருவாயாக்கும். ஆனால் கீழே என்னடி, எல்லாம் கடலும் கோபுரமுமாக இருக்கிறது?" என்றார் மாமி. கெட்டிக்காரி! பலகையில் இட்டிலி என்று எழுதிக் கண்ணாடி அலமாரியில் சோப்பு அடுக்கியது போல ஆகியிருந்தது. பக்கத்தின் உச்சியில் மூன்று படங்களை நிரந்தரமாக நிறுத்தி வைக்க வசதி உண்டு. மெரினா சூரியோதயத்தை இறக்கிவிட்டு மூன்று குழந்தைகளை ஏற்றினார். அவற்றில் ஒன்று, கையில் முகவாயை ஊன்றித் தூங்கும் குழந்தை. பாட்டிமார்கள் அதைப் பார்த்தால், "பச்சைக் கழுத்து என்ன ஆகும்!" என்று பதறுவார்கள். உண்மையில் ஒருவர் தலையையும் பிறகு கைகளையும் பிடித்துக்கொள்ள, தனித்தனியாக எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக இணைப்பதுதான் அது. இந்த விளக்கத்துக்குப் பயோவில் இடமில்லை. படத்துக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறார்.

பலன் என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? முதல் மாதம் விசாரணைகள் குறைந்தன என்பதை மறைக்கக் கூடாது. "கல்யாணத்துக்கு என்ன ரேட்?" என்று கேட்டுவிட்டு மறைகிறவர்கள் நின்றுபோனார்கள், அவருக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது. ஆனால் வந்த ஐந்து பேரில் நான்கு பேர், "எனக்கு இன்ன தேதி சொல்லியிருக்கிறார்கள்" என்று எழுதியே ஆரம்பித்தார்கள். பலகை படிக்கப்பட்டதா இல்லையா என்பதை வருகிற முதல் வாக்கியத்திலிருந்து தெரிந்துகொள்ளலாம். எண்ணிக்கையைப் பார்த்தால் தெரியாது.

முதலாண்டு நிறைவுக்கும் ஒரு வரி சேர்க்கலாமா என்று இப்போது கேட்கிறார். சேர்க்க இன்னும் 25 எழுத்து இடம் இருக்கிறது. ஆனால் அந்த விசேஷத்துக்கு அழைப்பவர்கள், சென்ற வருஷம் இவர் தொட்டிலோரம் உட்கார்ந்து படமெடுத்த அதே வீட்டார்தான். அவர்களிடம் இவருடைய டெலிபோன் நம்பர் இருக்கிறது.