நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் தொப்பை குறையுமா? கணக்கு என்ன சொல்கிறது?

"வெள்ளைச் சர்க்கரை வேணாம் மாஸ்டர், நாட்டுச் சர்க்கரை போடுங்க." டீக்கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் குரல் இது. வெல்லம், கருப்பட்டி, தேன் என எதற்கு மாறினாலும் உடம்பில் கொழுப்பு குறையும் என்ற நம்பிக்கைதான் காரணம். ஆனால், இந்த மாற்றத்தால் மட்டும் எடை குறையாது. சில நேரம் கூடவும் செய்யலாம்.

ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தினமும் 3 டீ. ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால், நாளுக்கு 30 கிராம். ஒரு கிராம் சர்க்கரைக்குச் சுமார் 4 கலோரி. ஆக மொத்தம் 120 கலோரி.

இதையே அவர் 30 கிராம் நாட்டுச் சர்க்கரையாக மாற்றுகிறார். அதில் கொஞ்சம் ஈரப்பதமும் தாதுக்களும் இருப்பதால் கலோரி சற்றே குறையும். சுமார் 110 வரும். மிச்சம் 10 கலோரி. ஒரு மாதத்துக்கு 300. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அப்படியானால் மாதம் முழுக்க மாறிக் குடித்தும், காகிதத்தில் குறைவது 40 கிராம் கொழுப்புதான். எடை பார்க்கும் மெஷினில் அது தெரியக்கூடத் தெரியாது.

அரை ஸ்பூன் செய்யும் வேலை

சிக்கல் இங்கேதான். நாட்டுச் சர்க்கரையில் இனிப்பு கொஞ்சம் கம்மியாகத் தெரியும். "இது நல்லதுதானே" என்று கை தானாகவே அரை ஸ்பூன் கூடப் போடும். 3 டீக்கும் சேர்த்தால் அதுவே சுமார் 27 கலோரி. மிச்சமான 10 போய், 17 கலோரி கூடிவிடுகிறது. டீயோடு 'ஹெல்தி' என்று ஒரு கருப்பட்டி மைசூர்பாகும் உள்ளே போனால் கணக்கு இன்னும் மோசம்.

தேன் கதை வேறு. அதில் தண்ணீர் கலந்திருப்பதால், எடைக்கு எடை பார்த்தால் கலோரி குறைவு: கிராமுக்கு 3 தான். ஆனால் தேன் கனமானது. ஒரு டீஸ்பூன் தேன் சுமார் 7 கிராம் நிற்கும். அதாவது 21 கலோரி. அது ஒரு ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்பதிலும் விஷயம் இல்லை. வெந்நீரோ தேனோ கொழுப்பைக் கரைப்பதில்லை. தினசரிக் கணக்கில் ஒரு இனிப்பு பானம் கூடியதுதான் மிச்சம்.

"இரும்புச் சத்து இருக்கே?"

இருக்கிறது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். வெல்லத்தில் 100 கிராமுக்குச் சுமார் 5 மில்லிகிராம் இரும்பு. வகைக்கு வகை இது மாறும். ஒரு டீக்குப் போடும் 10 கிராமில் கிடைப்பது அரை மில்லிகிராம். இந்தியப் பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ நாளுக்கு 29 மில்லிகிராம். போதாக்குறைக்கு, டீயில் உள்ள டானின் அந்த இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கும். இரும்புச் சத்துக்காக வெல்லத்தைக் கூட்டுவது, சில்லறைக்காக நோட்டைக் கிழிப்பது போல.

கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதேதான். உலக சுகாதார நிறுவனம், 'கூடுதல் சர்க்கரையைக் குறையுங்கள்' என்று சொல்லும்போது தேனையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. எனவே சர்க்கரை நோயாளிகள் "கருப்பட்டிதானே" என்று அளவில்லாமல் சேர்ப்பது ஆபத்து.

அப்போ எதுதான் எடையைக் குறைக்கும்?

அதே இளைஞர் வெள்ளைச் சர்க்கரையிலேயே இருந்துகொண்டு, 2 ஸ்பூனை ஒன்றாக்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 60 கலோரி மிச்சம். மாதத்துக்கு 1,800. காகிதத்தில் அது சுமார் 230 கிராம் கொழுப்பு. அந்தப் பசியை வேறு நொறுக்குத் தீனியில் ஈடுகட்டாமல் இருந்தால்தான் இந்தப் பலன். பெரிய அளவில்லை என்றாலும், மாற்றிக் குடித்ததைவிட 6 மடங்கு அதிகம்.

ஒரேயடியாகக் குறைத்தால் டீ கசக்கும். வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிவிடும். கடையில் "சர்க்கரை தனியா கொடுங்க" என்று கேட்டு வாங்கினால் அளவு தன் கையில் இருக்கும். வீட்டில் ஒரு வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டுப் பார்த்தாலே, 'ஒரு ஸ்பூன்' என்று நினைப்பது உண்மையில் எத்தனை கிராம் என்பது புரிந்துவிடும்.

கருப்பட்டி காபியின் மணம் பிடித்தால் தாராளமாகக் குடிக்கலாம். அது ருசிக்கான தேர்வு. கொழுப்பு குறைய வேண்டுமென்றால் மாற வேண்டியது டப்பா இல்லை, ஸ்பூன் எண்ணிக்கை.